எதிர்ப்பக்கம் போய் நின்ற தோழிக்கு

விவாகரத்து வழக்கில் எதிர்த்தரப்பு தாக்கல் செய்யும் ஆவணங்களின் நகலை வாங்கிப் புரட்டும்போது பலருக்கும் அதிர்ச்சி தருவது கணவரோ மனைவியோ எழுதிய குற்றச்சாட்டு அல்ல. அதை அவர்கள் எதிர்பார்த்தே வந்திருப்பார்கள். பின்னால் இணைத்திருக்கும் தாள்களில் ஒன்றில், தான் ஒரு நட்புக்கு மட்டும் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி அச்சாகி இருப்பதைப் பார்க்கும்போதுதான் ஆள் இடிந்துபோகிறார்.

கணவன் மனைவிக்கு இடையே நடந்த பேச்சுக்கு நம் சாட்சியச் சட்டம் ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்கும் பாதுகாப்பு உண்டு. நட்புக்கு அப்படி எதுவும் கிடையாது. நள்ளிரவில் தோழியிடம் அழுதுகொண்டே சொன்னதை அந்தத் தோழி கூண்டில் ஏறிச் சொல்லலாம், எழுத்தில் இருந்தால் எடுத்துக் கொடுக்கலாம். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகளுக்குள் அடங்காத ஆவணத்தைக்கூட, பிரச்சினையைத் தீர்க்க உதவும் என்று நீதிபதி கருதினால், ஏற்றுக்கொள்ள அனுமதிக்கிறது. கணவன் மனைவி பேச்சுக்கு இருந்த பாதுகாப்பே இப்போது சுருங்கிவிட்டது. மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த உரையாடலை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது.

இந்தச் சட்ட நிலவரத்தை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. எதிர்ப்பக்கம் போன நட்புக்கு ஒரு செய்தி எழுதியே தீரவேண்டும் என்ற வேகம், பிரிந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏதோ ஓர் இரவில் வந்தே தீரும். அப்போது எழுதும் செய்தியும் இன்னொரு தாளாகிவிடக்கூடும்.

ஒரு நிலைமையை வைத்துக்கொண்டு பேசுவோம். கோயம்புத்தூரில் ஒரு தம்பதி. அதே அடுக்குமாடிக் குடியிருப்பில், மனைவியோடு கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த தோழியும் குடும்பத்தோடு வசிக்கிறாள். இரண்டு வீட்டு ஆண்களும் சேர்ந்து இறகுப்பந்து ஆடப் போகிறவர்கள். ஒரு சண்டைக்குப் பிறகு மனைவி குழந்தையை அழைத்துக்கொண்டு ஈரோட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். போவதற்கு முந்தைய இரவு தோழிக்கு ஒரு செய்தி: “இனிமே இந்த வீட்ல இருக்கவே பிடிக்கலடி. எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிடப் போறேன்.” இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, மனைவி தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்று கணவர் விவாகரத்து கேட்கிறார். இந்து திருமணச் சட்டப்படி கைவிடுதல் என்ற காரணத்துக்கு இரண்டு ஆண்டுப் பிரிவு மட்டும் போதாது. திரும்பி வரும் எண்ணமே இல்லாமல்தான் போனார் என்பதையும் காட்டவேண்டும். அதைக் காட்ட அவர் வைத்த ஆவணம் அந்தச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்.

அந்தப் பெண் அன்றிரவே எழுதியது இது:

“ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்சேன். நீ எனக்குப் பண்ணினதை சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். அவர் என்னை எப்படி நடத்தினார்னு உனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் அவர் பக்கம் போய் நின்னே. வீட்டுக்காரர் சொல்றதுக்குத் தலையாட்டறவ நீ, உன்கிட்ட வேற என்னத்த எதிர்பார்க்கறது? உனக்கும் ஒரு நாள் வரும், அப்போ தெரியும். நல்லா இரு.”

அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வரி வரியாகப் பார்க்கலாம்.

இதில் தோழி என்ன செய்தாள் என்பது எங்குமே இல்லை. “நீ பண்ணினது” என்றால் எது? ஸ்கிரீன்ஷாட்டா, பெரியவர்கள் கூடிப் பேசியபோது “அவளுக்கும் கொஞ்சம் கோபம் ஜாஸ்திதான்” என்று சொன்னதா, ஈரோட்டுக்கு வந்து பார்க்காததா? எழுதியவளுக்கு எல்லாம் ஒன்றாகத் திரண்டிருக்கிறது. படிப்பவள் அவற்றில் தனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்வாள். “நான் வந்து பார்க்கலாம்னுதான் இருந்தேன், பையனுக்கு அப்போ பரீட்சை” என்று பதில் வரும். ஸ்கிரீன்ஷாட் பேச்சே எழாது.

அடுத்து, “உனக்கு நல்லாத் தெரியும்”. உண்மையில் தெரியுமா? தோழிக்குத் தெரிந்தது இவள் சொன்னதும் அவர் சொன்னதும்தான். பூட்டிய கதவுக்குப் பின்னால் நடந்ததை அவள் பார்க்கவில்லை. இந்த வரி அவளை ஒரு சாட்சியாகவே பாவிக்கிறது. அவள் கண்டதாகச் சொல்ல முடியாததை ஒப்புக்கொள்ளச் சொல்கிறது.

வீட்டுக்காரரைப் பற்றிய வரி இன்னொரு சண்டையைத் திறந்துவிடும். அந்தச் செய்தியை அவள் யாரிடம் முதலில் காட்டுவாள்? அந்த வீட்டுக்காரரிடம்தான். அவர் யாரிடம் சொல்வார்? இறகுப்பந்து ஆடும் நண்பரிடம்.

“உனக்கும் ஒரு நாள் வரும்” என்பது சாபம். நம் ஊரில் சாபம் காதில் விழுந்துவிட்டால் அதற்கு முன்னும் பின்னும் சொன்ன எதுவும் நினைவில் நிற்காது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது அதற்கு வேறொரு அர்த்தமும் கற்பிக்கலாம். தோழி சாட்சியாக வரவிருப்பவள் என்றால், சாட்சியை மிரட்டிய செய்தி என்று எதிர்த்தரப்பு அதையே மனுவில் சேர்க்கும். குற்ற வழக்கும் ஓடுகிறது, முன்ஜாமீன் வாங்கியிருக்கும் கணவர் இப்படி எழுதுகிறார் என்றால் நிலைமை இன்னும் மோசம். சாட்சிகளைக் கலைக்கக் கூடாது என்பது ஜாமீன் உத்தரவுகளில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை. பழைய நண்பனுக்கு அனுப்பிய ஒரு கோபச் செய்தி, ஜாமீனை ரத்து செய்யக் கோரும் மனுவுக்குக் காரணமாகலாம்.

கடைசியில் “நல்லா இரு”. எழுதியவள் அதை எந்தத் தொனியில் எழுதினாள் என்று அவளுக்குத் தெரியும். திரையில் தொனி தெரியாது. ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்ளி முதலான உளவியல் ஆய்வாளர்கள் 2005இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மின்னஞ்சலில் தாங்கள் எழுதுவது கிண்டலா, உண்மையாகச் சொல்வதா என்பதை வாசிப்பவர் நூற்றுக்கு 78 முறை சரியாகப் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். வாசித்தவர்கள் சரியாகச் சொன்னது 56 முறைதான். காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல். சண்டைபோட்டுப் பிரிந்தவர்களுக்கு இடையே இது இன்னும் குறையுமே தவிர கூடாது. ஆகவே குத்தல், கிண்டல், இரட்டை அர்த்தம் எதுவும் இந்தச் செய்தியில் வேலை செய்யாது.

குரல் பதிவாக அனுப்பினால் தொனி போய்ச் சேருமே என்று தோன்றலாம். சேரும். விம்மலும் சேரும், குடும்பக் குழுக்களுக்கு அந்த விம்மலும் ஃபார்வேர்டு ஆகும். என் கட்சி எழுத்துதான்.

இப்போது அந்தத் தாளுக்குத் திரும்புவோம். கோபம் வந்தவர்கள் அதை ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுவார்கள். அதை நிதானமாகப் படித்தால் நிறையத் தெரியும்.

வாட்ஸ்அப்பில் கைபேசிக்குச் சொந்தக்காரர் அனுப்பிய செய்திகள் வலப்பக்கம் இருக்கும், வந்தவை இடப்பக்கம். நம் செய்தி இடப்பக்கம் இருந்தால் படம் எதிராளியின் கைபேசியில் எடுத்தது. மேலே நம் பெயர் எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதும் தெரியும். விடுதிக் காலத்துச் செல்லப்பெயர் அங்கே இருந்தால் அது யாருடைய கைபேசி என்பதில் சந்தேகமே வேண்டாம். மூன்றாவது விஷயத்தைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. செய்திகளுக்கு நடுவே சின்னதாகத் தேதி வரும். அண்மையில் வந்த செய்தியானால் தேதிக்குப் பதிலாக ‘இன்று’ அல்லது ‘நேற்று’ என்று காட்டும். நம் பெண் மறுபடி பார்த்தபோது அங்கே ‘நேற்று’ என்றுதான் இருந்தது.

அதாவது அந்த ஸ்கிரீன்ஷாட் வழக்குக்காக எடுத்தது அல்ல. அவள் ஈரோட்டுக்குப் பேருந்து ஏறிய அன்றே எடுத்தது. அன்று என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. வீடு திரும்பிய கணவர் ஆளைக் காணாமல் பதறித் தோழி வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார். “உங்ககிட்ட ஏதாவது சொன்னாளாம்மா?” என்று கேட்டிருப்பார். சேர்த்துவைக்கலாம், போய் அழைத்து வரட்டும் என்று அவளும் காட்டியிருப்பாள். “எனக்கு இதை அனுப்பு, அவங்க அம்மாகிட்டப் பேசறேன்” என்று அவர் வாங்கியிருப்பார். இரண்டு ஆண்டுகள் அவர் கைபேசியில் கிடந்த படம் பிறகு வழக்கறிஞர் மேசைக்குப் போயிருக்கும். இதெல்லாம் ஊகம்தான். ஆனால் ‘நேற்று’ என்பது ஊகம் இல்லை.

இன்னொரு தாளும் பார்க்கவேண்டியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவு, மின்னணு ஆவணத்தை வைப்பவர் அதோடு ஒரு சான்றிதழும் தரவேண்டும் என்கிறது. எந்தக் கருவியில் இருந்து எடுத்தது, அது யார் பொறுப்பில் இருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். தோழி கையெழுத்திட்டிருந்தால், வழக்குக்குப் போகிறது என்று தெரிந்தே கொடுத்தாள் என்று பொருள். கணவர் தன் கைபேசிக்காகத் தானே கையெழுத்திட்டிருந்தால், அந்தப் படம் நீதிமன்றம் வந்தது தோழிக்கு இன்றுவரை தெரியாமலே இருக்கலாம். சான்றிதழே இல்லாமலும் வைத்திருக்கலாம். அதை எதிர்ப்பதா வேண்டாமா என்பது வழக்கறிஞர் பாடு.

இந்த இரண்டு நிலைமைகளுக்கும் எழுதவேண்டிய செய்தி ஒன்றல்ல. முதலாவதில் அவள் பக்கம் எடுத்தாள். இரண்டாவதில் நம்பிச் சொன்னதை நல்லெண்ணத்தில் வெளியே விட்டாள். இரண்டும் காயம்தான், ஆனால் முதலாவதற்கு எழுதவேண்டியதை இரண்டாவதற்கு எழுதினால் நியாயம் நம் பக்கம் இருந்தும் நாம் தவறானவர்களாகிவிடுவோம்.

நல்லெண்ணத்தில் செய்தவளுக்கு அது எப்படித் தெரியும் என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. ராய் பௌமைஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் 1990இல், ஒரே ஆளிடம் இரண்டு சம்பவங்களை எழுதச் சொன்னார்கள். ஒன்று, தன்னை ஒருவர் கோபப்படுத்தியது. மற்றொன்று, தான் ஒருவரைக் கோபப்படுத்தியது. காயப்பட்டவராக எழுதும்போது அது இன்னும் முடியாத கதையாக இருந்தது, எதிராளி காரணமே இல்லாமல் செய்தார் என்றும் இருந்தது. காயப்படுத்தியவராக எழுதும்போது அதே ஆட்கள் தக்க காரணம் சொன்னார்கள், அது எப்போதோ முடிந்துபோன ஒற்றைச் சம்பவம் என்றார்கள். நல்லவர்கள் ஒரு மாதிரி, கெட்டவர்கள் ஒரு மாதிரி என்று அங்கே பிரியவில்லை. எழுதியவர் அவரே, இருந்த இடம்தான் வேறு. நம் தோழிக்கு அந்த ஸ்கிரீன்ஷாட் ஒரு மாலைப்பொழுதின் ஐந்து நிமிடம். நம் பெண்ணுக்கு அது வழக்கு முழுவதும். ஆகவே அவளுக்கு நினைவிருக்கும், அவள் குறுகுறுத்துக்கொண்டிருப்பாள் என்று எண்ணிக்கொண்டு எழுதக் கூடாது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் செய்தியிலேயே சொல்லவேண்டியிருக்கிறது.

எல்லா மனத்தாங்கலுக்கும் செய்தி எழுதவேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனாள், அவர் ஸ்டேட்டஸுக்கு லைக் போட்டாள், நம் எதிரில் அவரைத் திட்டவில்லை என்பதெல்லாம் பக்கம் எடுத்ததாகாது. நாம் வெறுப்பவரை அவளும் வெறுக்கவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. பெரியவர்கள் முன்னால் “கோபம் ஜாஸ்தி” என்று சொன்னதும் அவள் அபிப்பிராயம். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். நம்பிச் சொன்னதை வெளியே விட்டது, பார்க்காததைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னது, குழந்தையைப் பற்றி இல்லாததைச் சொன்னது போன்றவற்றுக்குத்தான் கேள்வி கேட்க இடம் உண்டு. அடி உதைக்குப் பயந்து வேறு இடத்தில் தங்கியிருக்கும் பெண்ணின் முகவரியை ஒரு தோழி கணவரிடம் சொல்லிவிட்டாள் என்றால், அவளுக்குச் செய்தியே எழுதவேண்டாம். எண்ணை மாற்றுங்கள், 181 பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள்.

சரி, எப்போது அனுப்புவது? வழக்கு நடக்கும்போது அனுப்பவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தோழியின் பெயர் சாட்சிப் பட்டியலில் இல்லாவிட்டாலும் பிறகு சேர்க்கலாம். நாம் எழுதியது அவள் வழியாக அவருக்குப் போகும் வழி ஏற்கெனவே ஒருமுறை திறந்திருக்கிறது. நம் கோவைத் தம்பதியின் வழக்கு, இத்தகைய பல வழக்குகளைப் போல, நடுவில் திசைமாறியது. சமரசப் பேச்சில் கணவர் கைவிடுதல் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற, இருவரும் 13பி பிரிவின் கீழ் பரஸ்பர சம்மத மனு போட்டார்கள். அந்த மனுவுக்குச் சாதாரணமாக ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. ஏற்கெனவே நெடுநாள் பிரிந்து வாழ்ந்தவர்களுக்கு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சம்மதத் தீர்ப்பு என்றால் அதன்மேல் மேல்முறையீடு கிடையாது, தீர்ப்பு வந்ததும் கதை முடிந்தது. போட்டியிட்டு வந்த தீர்ப்பு என்றால் மேல்முறையீட்டுக் காலமும் கழியவேண்டும். ஜீவனாம்சம், குழந்தையைப் பார்க்கும் நாள் பற்றிய மனுக்கள் தனியாக நிலுவையில் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

அதுவரை மனதில் இருப்பதை என்ன செய்வது? எழுதிக் கிழித்துப்போடுங்கள், பாரம் இறங்கும் என்று பலர் சொல்வார்கள். நானும் நம்பிய அறிவுரைதான், ஆனால் பிரிந்தவர்கள் விஷயத்தில் அதற்கு ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்பாராவும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அண்மையில் துணையைப் பிரிந்த 90 பேரைச் சில நாட்கள் எழுதவைத்தார்கள். சிலர் பிரிவைப் பற்றிய ஆழ்ந்த உணர்வுகளை எழுதினார்கள். சிலர் உணர்ச்சி எதுவும் இல்லாமல் அன்றாடம் செய்ததை மட்டும் எழுதினார்கள். ஏன் இப்படி ஆயிற்று என்று ஓயாமல் அர்த்தம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு, உணர்வுகளைக் கொட்டி எழுதியது மாதங்கள் கழித்தும் மனநிலையை மோசமாக்கியிருந்தது. வெறும் அன்றாடத்தை எழுதிய அதே சுபாவக்காரர்கள் தேறியிருந்தார்கள். ஆகவே தோழிக்கான செய்தியை இரவுதோறும் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருப்பது, அதிலும் இதையே நினைத்துக் குமைபவர்களுக்கு, மருந்தாகாமல் போகலாம். தேதி, நடந்தது, தாளில் இருந்தது என்று குறிப்பாக எழுதி வைத்துவிட்டு மூடிவிடுவது நல்லது. தூக்கம் கெடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் இது தோழிக்கு எழுதித் தீரும் விஷயம் இல்லை. மனநல ஆலோசகரிடம் போகவேண்டியது.

தீர்ப்பு வந்து கொஞ்ச நாள் ஆனபிறகு நம் பெண் எழுதியது இது:

“நான்தான்டி எழுதறேன். கேஸ் முடிஞ்சுபோச்சு, அதைப் பத்திப் பேச வரலை. ஈரோடு கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி உனக்கு ஒரு மெசேஜ் போட்டிருந்தேன். அதோட ஸ்கிரீன்ஷாட் அவர் கோர்ட்ல கொடுத்த பேப்பர்ல இருந்தது. உன்னைத் தவிர யாருக்கும் நான் அதை அனுப்பலை. அவரோட வக்கீல் அதை என் எதிர்ல படிச்சுக் காட்டினார், அன்னிக்கு எனக்கு எழுந்து போயிடலாம் போல இருந்தது. நீங்க அவரோட பழகறதுல எனக்கு எதுவும் இல்லை. உன்னை நம்பிச் சொன்னது எனக்குத் தெரியாம வெளியே போனதுதான் கஷ்டமா இருக்கு. அது எப்படி ஆச்சுன்னு உன்கிட்டயிருந்து தெரிஞ்சுக்கணும். சொல்லணும்னு தோணினா எழுது. இல்லேன்னா பரவாயில்லை, நான் திரும்பக் கேட்க மாட்டேன்.”

இதில் இருப்பது ஒரே ஒரு சம்பவம். அவள் கொடுத்தாள் என்று எங்கும் சொல்லவில்லை, தாளில் இருந்தது என்றுதான் சொல்கிறது. அதுதானே நிச்சயமாகத் தெரியும்? ‘நேற்று’ என்ற துப்பையும் அவள் செய்தியில் பயன்படுத்தவில்லை. துப்புத் துலக்கியதைக் காட்டினால் விசாரணை போல ஆகிவிடும். காயம் தன்னுடையதாகச் சொல்லப்படுகிறது, தோழியின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பழைய ‘டி’ அப்படியே இருக்கிறது. கோபத்தில் திடீரென்று மரியாதைப் பன்மைக்கு மாறியிருந்தால் முதல் வரியிலேயே கதவைச் சாத்தியதாக இருக்கும். கேட்பதும் ஒன்றே ஒன்று, அதுவும் அவளால் கொடுக்க முடிந்தது. மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. மன்னிப்பைக் கேட்டு வாங்கினால் அது “மனசு கஷ்டப்பட்டிருந்தா சாரி” என்றுதான் வரும்.

முதலில் கடைசியாக இன்னொரு வரியும் இருந்தது: “என்கிட்ட இருக்கிற உன் மெசேஜ் எதையும் நான் யாருக்கும் காட்டலை, காட்டவும் மாட்டேன்.” நல்ல மனதோடு எழுதியதுதான். ஆனால் தன் வீட்டுச் சண்டைகளையெல்லாம் விடுதிக் காலத்துத் தோழியிடம் கொட்டியிருக்கும் ஒருத்தி அதைப் படித்தால் நெஞ்சு பதறும். என்னிடம் உன் குடுமி இருக்கிறது என்று சொல்வதுபோல இருக்கும். அக்காள் ஒருத்தி படித்துப் பார்த்துச் சுட்டிக்காட்டியதும் எடுத்துவிட்டாள். அனுப்புவதற்கு முன்னால் வேறொருவர் படிக்கவேண்டும் என்பதற்கு இதுபோன்ற வரிகள்தான் காரணம். படிப்பவர் நம்மைவிடக் கோபக்காரராக இருக்கக் கூடாது. அம்மாவிடம் காட்டாதீர்கள்.

பதில் பல விதமாக வரும், வராமலும் போகும். ப்ளூ டிக் விழுந்து மௌனமாக இருந்தால், திரும்பக் கேட்க மாட்டேன் என்று எழுதியதைக் காப்பாற்றவேண்டும். “பாத்தியா?” என்று மறுநாள் கேட்டால் முதல் செய்தியின் மதிப்பே போய்விடும். “அவர் அழுதுட்டு வந்து நின்னாருடி, சேர்ந்துடுவீங்கன்னு நினைச்சுத்தான் காட்டினேன், கோர்ட்டுக்குப் போகும்னு சத்தியமா தெரியாது” என்று வந்தால் கேட்டது கிடைத்துவிட்டது. அதை நம்புவதா என்று முடிவுசெய்ய ‘நேற்று’ என்ற அந்த ஒரு சொல் போதும். “நீ மட்டும் என்ன யோக்கியமா?” என்று வந்தால் அதற்கும் ஒரே பதில்தான்: “படிச்சேன். சரி.” அதற்கு மேல் எழுதும் ஒவ்வொரு வரியும் கல்யாணத்தைப் பற்றிய சண்டையாகவே முடியும், அந்தச் சண்டை நீதிமன்றத்திலேயே தீர்ந்தாயிற்று. பதில் தோழியிடமிருந்து வராமல் முன்னாள் கணவரிடமிருந்து வந்தால், அந்த நட்பு இன்னும் எங்கே நிற்கிறது என்பது எழுதாமலே தெரிந்துவிடும்.

விளக்கம் கிடைத்ததாலேயே பழையபடி பழகவேண்டும் என்றும் கட்டாயமில்லை. நல்லெண்ணத்தில் ரகசியத்தை வெளியே விட்டவள் மறுபடியும் நல்லெண்ணத்தில் விடுவாள். குழந்தைகளின் பிறந்தநாளுக்குப் போகலாம், ஊர்க்கதை பேசலாம், இரவு ஒரு மணி விஷயங்களை வேறொருவரிடம் வைத்துக்கொள்ளலாம். நட்பு முழுசாக இருக்கவேண்டும் இல்லையென்றால் அறுந்துபோகவேண்டும் என்ற பிடிவாதம் கல்லூரி வயதோடு போய்விடவேண்டியது.

இப்படி ஒரு செய்தி உங்கள் கைபேசியில் அனுப்பப்படாமல் கிடக்கிறதா? முதலில் வழக்கறிஞரைக் கூப்பிட்டு, எந்த மனுவாவது இன்னும் நிலுவையில் இருக்கிறதா, அந்த நண்பர் சாட்சிப் பட்டியலில் இருக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் இன்றைக்கு அனுப்பாதீர்கள்.